பத்து உறுப்புகளும் ஒரு π-யும்

கேள்வி: n = 1, 2, 3… என்று முடிவில்லாமல் செல்லும் Σ 1/(n² − 1/9) தொடரின் கூட்டுத்தொகை 9/2 − π√3/2, அதாவது ஏறக்குறைய 1.7793 என்கிறது என் பாடநூல். முதல் பத்து உறுப்புகளைக் கூட்டிப் பார்த்தேன்; 1.6841தான் வருகிறது. பின்னங்களை மட்டும் கூட்டும்போது π எப்படி வந்தது? எது சரி?

பதில்: நூலின் விடையும் சரி, உங்கள் கூட்டலும் சரி. முதலில் π-யின் கதையைப் பார்ப்போம்.

π cot πa என்ற சார்பு, a முழு எண்ணாகும் இடங்களில் எல்லாம் முடிவிலிக்கு ஓடுகிறது. n என்ற முழு எண்ணுக்கு அருகே அதன் போக்கு 1/(a − n) போலவே இருக்கும். அப்படியானால் இந்தச் சிறு பின்னங்களை எல்லாம் கூட்டினால் கோடேன்ஜென்ட்டே கிடைத்துவிடுமா? கிடைக்கும் என்று காட்டியவர் ஆய்லர். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: n, −n இரண்டையும் ஜோடி சேர்த்தே கூட்ட வேண்டும். தனித்தனியே கூட்டினால் தொடர் விரிந்துவிடும். ஜோடி சேர்த்தால்,

π cot πa = 1/a + Σ 2a/(a² − n²)

முடிவிலிக்கு ஓடும் இடங்கள் ஒத்துப்போவதால் மட்டும் இரு பக்கமும் சமமாகிவிடாது. ஹெர்க்லாட்ஸின் வாதம் அந்த இடைவெளியை அழகாக அடைக்கிறது. இரு பக்கங்களின் வித்தியாசத்தை h என்போம். முடிவிலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் h எங்கும் தொடர்ச்சியானது; 1 என்ற இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவது; h(0) = 0. இரு பக்கமும் f(a/2) + f((a+1)/2) = 2f(a) என்ற விதிக்கு உட்படுவதால் h-உம் உட்படும். h தன் உச்ச மதிப்பை x-இல் அடைந்தால், இந்த விதிப்படி x/2-இலும் அதே உச்சத்தில்தான் இருந்தாக வேண்டும். பிறகு x/4, x/8 என்று 0 வரை. எனவே உச்சம் 0. தாழ்ந்த மதிப்புக்கும் இதே வாதம்தான். ஆக h எங்கும் 0.

சமன்பாட்டை மாற்றி எழுதினால் Σ 1/(n² − a²) = 1/(2a²) − (π/2a) cot πa. இதில் a = 1/3 என்று இடுங்கள். cot 60° என்பது 1/√3. உங்கள் நூலின் விடை அப்படியே வரும்.

இனி உங்கள் 0.0952 குறைவு. a = 1/2 ஆனால் ஒவ்வொரு உறுப்பும் 1/(n − ½) − 1/(n + ½) எனப் பிரிந்து, N உறுப்புகளுக்குப் பின் மீதி சரியாக 1/(N + ½) ஆகும். n பெரிதானால் 1/9-க்கும் 1/4-க்கும் உள்ள வித்தியாசம் பொருட்டல்ல. N = 10 என்றால் மீதி ஏறக்குறைய 1/10.5 = 0.0952. உங்கள் 1.6841-உடன் கூட்டினால் 1.7793. கையால் கூட்டும்போதெல்லாம் இந்த மீதியைச் சேர்த்துச் சரிபாருங்கள்.

a முழு எண்ணானால் ஓர் உறுப்பின் பகுதி பூஜ்யமாகிவிடும். சூத்திரம் நேரடியாகப் பயன்படாது. அந்த உறுப்பை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் 3/(4a²) கிடைக்கும்.