துணி எடுக்கும் முன்

அன்புள்ள மருமகளுக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து மாமா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. உடன்குடி பஜாரில் சொந்தமாகத் தையல் கடை போட்டு, முதல் வருஷமே நாகர்கோவில் பக்கத்துத் தசரா குழு ஒன்று தேடி வந்திருப்பது எனக்கு ரொம்ப சந்தோஷம். 12 பேருக்குக் குறவன் குறத்தி உடை கேட்டிருக்கிறார்கள். ஆனால் "முன்பின் தெரியாதவர்கள், முன்பணம் கேட்டால் நம்பவில்லை என்று நினைத்து வேறு கடைக்குப் போய்விடுவார்களோ" என்று எழுதியிருக்கிறாய். கேட்காமல் துணி எடுக்கப் போய்விடாதே என்பதற்காகத்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். குலசை முத்தாரம்மனுக்கு வேடம் போட நேர்ந்துகொண்டவர் யாரும் தையல்காரரை ஏமாற்ற நினைத்து வருவதில்லை. ஆர்டர் நின்றுபோவது பெரும்பாலும் வேறு காரணத்தால். குழுவில் ஒருவர் வீட்டில் சாவு விழும். தீட்டு வந்தால் அந்த வருஷம் அவர் காப்புக் கட்ட முடியாது. பங்காளி வீட்டுச் சாவு என்றால் ஒரே தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து நின்றுவிடுவார்கள். ஒருவருக்கு வெளிநாட்டில் லீவு கிடைக்காது. குழுவுக்குள் சண்டை வந்து இரண்டாகப் பிரியும். இதில் யார் மேலும் குற்றம் கிடையாது. ஆனால் உன் மேஜையில் அவர் அளவுக்கு வெட்டிய துணி கிடக்கும். அதனால் நீ முன்பணம் கேட்பது அவர் குணத்தைச் சந்தேகப்பட்டு அல்ல. இதை நீயே முதலில் மனசார நம்பவேண்டும். நம்பினால் கேட்கும்போது உன் குரல் இழுக்காது. இழுக்கிற குரல்தான் எதிரே இருப்பவருக்குச் சந்தேகமாகக் கேட்கும்.

அதே சமயம், இந்தக் காரணத்தை அவர் முன்னால் வாய்விட்டுச் சொல்லிவிடாதே. "ஒருவேளை நீங்க வராமப் போயிட்டா", "வீட்டுல எதாவது ஆயிட்டா" என்ற பேச்சே வரக்கூடாது. மாலை போட்டு விரதம் இருக்கப் போகிறவரிடம் அது அபசகுனம். முகம் சுருங்கிவிடும், அப்புறம் நீ என்ன சொன்னாலும் ஏறாது. பேச்சை முழுக்கத் துணியின் மேலும் தேதியின் மேலும் வை. அளவு எடுத்து முடித்து, எந்த நிறம், எத்தனை வரிசை சம்கி, எந்தப் பார்டர் என்று எல்லாம் பேசி, மொத்தத் தொகையைச் சொன்ன அதே மூச்சில் சொல்லவேண்டும்: "அண்ணாச்சி, மொத்தம் முப்பதாயிரம். துணிக்குப் பதினஞ்சு இப்பக் குடுத்திட்டீங்கன்னா, திங்கக்கிழமை மதுரை விளக்குத்தூண் போய் எல்லாருக்கும் ஒரே தடவையா எடுத்திருவேன். பிரிச்சு எடுத்தா நிறம் மாறிப் போகும்." இது சாக்கு இல்லை, நிஜம். ஒரே குழுவில் பன்னிரண்டு பேர் வரிசையாக ஆடி வரும்போது நாலு பேர் சிவப்பு மட்டும் வேறு சிவப்பாக இருந்தால் அது உன் கடைக்குத்தான் கெட்ட பெயர்.

சொல்லிவிட்டுப் பேசாமல் இரு. பதில் வருமுன்னே "பரவால்ல, இருக்கிறதக் குடுங்க" என்று நீயே இறங்கிவிடாதே. அவர் யோசிப்பது உன்னைப் பற்றி அல்ல, பணம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றி. குழுத் தலைவர் ஒருவர், பணம் வைத்திருப்பவர் ஒருவர். ஆள் ஆளுக்குப் போடும் வரி பாதிதான் வந்திருக்கும். உன்னிடம் வந்து நிற்பவர் பல நேரம் தன் கைக்காசைப் போட்டுத்தான் தருவார். அந்தச் சங்கடத்தைப் புரிந்துகொண்டு, "குழு பேருல ரசீது போட்டுத் தாரேன் அண்ணாச்சி, நீங்க அங்க காட்டி வாங்கிக்கிடலாம்" என்று சொல். முன்பணம் கொடுத்தவருக்கு அந்த ரசீதுதான் தன் ஆட்களிடம் கணக்குக் காட்டும் சாட்சி. தன்னை நம்பவில்லை என்று அவர் நினைக்க இருந்த இடத்தில், தன் பக்கம் ஒருத்தி நிற்கிறாள் என்று நினைப்பார். இதே குழு மேளக்காரருக்கும் வேனுக்கும் அச்சாரம் கொடுத்துத்தான் நாள் பிடித்திருக்கும். முன்பணம் என்பது அவருக்குப் புதிது அல்ல, நீதான் புதிது.

எவ்வளவு கேட்பது என்று கேட்டிருந்தாய். வாயில் வந்ததைச் சொல்லாதே, கணக்குப் போட்டுச் சொல். ஒரு உடை 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள். 12 உடைக்கு 30,000. ஒரு உடைக்குத் துணி, லைனிங், சம்கி, பார்டர் எல்லாம் சேர்ந்து 1,200 என்றால் 14,400. கூட வந்து தைக்கும் பெண்களுக்கு உடைக்கு 500 கூலி என்றால் 6,000. ஆக உன் கையிலிருந்து போவது 20,400. மீதி 9,600தான் உன் உழைப்புக்கும் கடை வாடகைக்கும். இப்போது பார், துணி எடுக்கும் முன் 15,000 வாங்கினால் துணிப்பணம் முழுக்க அவருடையது. ஆனால் கூலி இன்னும் உன்னுடையது. அதனால் பாதியை முதலிலும் பாதியைக் கடைசியிலும் வாங்குகிற வழக்கத்தை விடு. வெட்டி, ஓட்டுத்தையல் போட்டு, போட்டுப் பார்க்கக் கூப்பிடுவாய் அல்லவா, அன்று 7,500 வாங்கு. அப்போது 22,500 உன் கையில் இருக்கும். அதற்கப்புறம் அவர் வராமலே போனாலும் நீ கடனாளி ஆகமாட்டாய், உன் லாபம் மட்டும்தான் குறையும். மிச்சம் 7,500 உடை வாங்கும் அன்று.

இரண்டாவது தவணைதான் நழுவும். முன்பணம் கொடுத்துவிட்டோமே என்று அவர் இருப்பார், கேட்டால் தப்பாகுமோ என்று நீ இருப்பாய். முதல் நாளே ரசீதில் மூன்று தவணையையும் தேதியோடு எழுதிவிட்டால் அப்புறம் கேட்க வேண்டியதே இல்லை, ஞாபகப்படுத்தினால் போதும். அந்தத் தேதிகளைக் கொடியேற்றத்திலிருந்து பின்னோக்கி எண்ணி வை. சூரசம்ஹாரம் 2024ல் அக்டோபர் 12, 2025ல் அக்டோபர் 2. ஒரே வருஷத்தில் பத்து நாள் முன்னால் வந்துவிட்டது. ஆங்கில மாதத்தை நம்பி நாள் வைத்தவர்கள் அவதிப்பட்டார்கள். கொடியேறி, காப்புக் கட்டியதும் அவர்கள் வேடம் போட்டாக வேண்டும். தசரா முடிந்த மறுநாள் அந்த உடையை உன்னிடம் வாங்க ஒருவரும் வரமாட்டார்கள். கல்யாணச் சட்டை என்றால் இன்னொரு முகூர்த்தம் இருக்கிறது, இதற்கு அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும்.

காளி வேடத்துக்குக் கேட்டு வந்தால் கணக்கு வேறு. கிரீடம், சடைமுடி, கண்மலர், வீரப்பல், ஒட்டியாணம், சூலம் இவையெல்லாம் நீ வாங்கி வைத்து விற்கும் பொருள். அவர் எடுக்காவிட்டால் இன்னொரு காளி எடுத்துக்கொள்வார். அதற்கு முழுப் பணமும் முன்னாலேயே கேட்டால்தான் அவருக்கு உறுத்தும், உறுத்துவது நியாயமும்கூட. அவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைக்கும் உடைக்கு மட்டும் கேள். திருப்பி விற்க முடியாததற்குத்தான் முன்பணம் என்ற வரையறையை விட்டு நீ விலகாமல் இருந்தால், உன்னிடம் பேரம் பேசுகிறவருக்கும் அதில் ஒரு நேர்மை தெரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைச் செய்யாமல் முன்பணம் வாங்க உனக்கு உரிமை இல்லை. ரசீதின் பின்னால் இரண்டு வரி எழுது: துணி வெட்டுமுன் ஆர்டரை நிறுத்தினால் பணம் திரும்பும், வெட்டியபின் துணிப்பணம் திரும்பாது, துணி அவருக்கே. யாராவது தீட்டு என்று வந்து நின்றால், வெட்டாத துணி இருக்கும்வரை ஒரு ரூபாய்கூடப் பிடிக்காதே. அந்தத் துணி உனக்கு வேறு ஆர்டருக்கு ஆகும். துக்கத்தில் இருக்கும் வீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த கடை என்று ஒரு ஊர் முழுக்கப் பேசும், அடுத்த வருஷம் அந்தக் குழு உன்னிடம்தான் வரும். அதேபோல், வாங்கிய முன்பணத்தைப் பழைய கடனுக்குக் கட்டிவிடாதே. அது துணியாக மாறும்வரை அவருடைய பணம். எடுத்த துணியில் ஒரு துண்டை வெட்டி ரசீதோடு பின் அடித்துக் கொடுத்துவிடு, அல்லது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. "உங்க பணம் துணியா வந்திட்டு" என்று அதில் தெரியும். முதல் வருஷ வாடிக்கையாளருக்கு இதைவிட நிம்மதி வேறில்லை.

ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போடு. போனில் அனுப்பினால் உன் கணக்கில் ஏறியதை உன் போனில் பார்த்தபின் ரசீது எழுது. அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து எழுதாதே. முகமே தெரியாத ஒருவர் போனில் மட்டும் பேசி, கேட்டதற்கு மேலேயே அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பிப் போடு என்றால் அது ஆர்டரே இல்லை. பணம் வாங்க ரகசிய எண் போடத் தேவையே இல்லை, கொடுக்கத்தான் போடவேண்டும்.

எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும், "எல்லாம் முடிச்சுக் குடு, ஒரே தடவையா வாங்கிக்க" என்று பிடிவாதமாக நிற்பவர் உண்டு. அவரிடம் கோபப்படாதே. இரண்டு உடைக்கு மட்டும் துணிப்பணம் கேள், அதை முடித்துக் காட்டுகிறேன், பிடித்திருந்தால் மற்றதற்குத் தாருங்கள் என்று சொல். புது ஆள் என்பதால் உன் தையலைப் பற்றி அவருக்கு இருக்கும் தயக்கம் அதில் தீரும். அதற்கும் சம்மதிக்காதவரை மரியாதையாக அனுப்பிவிடு. இடம் காலியாக இருந்தால் கொடியேற்றத்துக்குப் பத்து நாள் முன்னால் ஓடி வரும் குழு இருக்கவே இருக்கிறது. அவர்கள் முழுப் பணத்தோடு வருவார்கள்.

பழைய வாடிக்கையாளர், சொந்தக்காரர் என்று யாருக்கும் விலக்கு வைக்காதே. நம் தெருக் குழுவுக்கு முன்பணம் இல்லாமல் தைத்துவிட்டு நாகர்கோவில்காரரிடம் மட்டும் கேட்டால், அப்போதுதான் அது அவநம்பிக்கை ஆகிறது. அந்தக் குழு கேட்கும்போது, "எங்க சித்தப்பா குழுவுக்கும் இதே ரசீதுதான் அண்ணாச்சி" என்று புத்தகத்தைத் திறந்து காட்டும்படி உன் கணக்கு இருக்கட்டும்.

ஆடி பிறந்தால் ஆர்டர் வர ஆரம்பித்துவிடும். ரசீதுப் புத்தகத்தை இந்த வாரமே அச்சடிக்கக் கொடுத்துவிடு, மூன்று தவணைக்கும் தேதி எழுத இடம் விட்டு.

அன்புடன்,
மாமா