பழைய டேப்லெட்டில் பக்கம் திறக்கவில்லையா?

உதவித்தொகை விண்ணப்பத்துக்கு மூன்று நாள்களே இருந்தபோது, ஒரு தாய் தம் மகளுடன் நம் அலுவலகத்துக்கு வந்தார். கையில் உறவினர் கொடுத்த ஆண்ட்ராய்டு 5.1 டேப்லெட். "வைஃபை நல்லாத்தான் இருக்கு பாய். ஆனா ஃபார்ம் திறக்க மாட்டேங்குது. டேப் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

டேப்லெட் கெட்டுப்போகவில்லை. அது வயதாகி நின்றுவிட்டது. இணையம் முன்னே போய்விட்டது. ஆனால் எந்த இடத்தில் தடை என்பதைத் திரையே சொல்லிவிடும். அன்று நாங்கள் பார்த்ததை வரிசையாகத் தருகிறோம்.

முதல் அடையாளம்: தேதி

திரையில் எச்சரிக்கையும், அதன் கீழே சிறிய எழுத்தில் NET::ERR_CERT_DATE_INVALID என்ற வரியும் இருந்தன. பல மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்ததால் டேப்லெட்டின் தேதி 2015க்குப் போயிருந்தது. ஒவ்வொரு தளமும் தான் உண்மையான தளம்தான் என்று காட்ட ஒரு சான்றிதழை அனுப்புகிறது. அதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. 2015இல் இருப்பதாக நினைக்கும் கருவிக்கு, இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்காத ஒன்று. செட்டிங்ஸில் தேதியையும் நேரத்தையும் சரிசெய்தோம். சில தளங்கள் உடனே திறந்தன.

இரண்டாம் அடையாளம்: அறியாத முத்திரை

விண்ணப்பப் பக்கம் அப்போதும் திறக்கவில்லை. இந்த முறை வந்த வரி NET::ERR_CERT_AUTHORITY_INVALID. சான்றிதழின் தேதி சரி. அதை வழங்கியவரைத்தான் டேப்லெட்டுக்குத் தெரியவில்லை. நம்பத்தக்க சான்றிதழ் நிறுவனங்களின் பட்டியல் ஆண்ட்ராய்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு புதுப்பிக்கப்படாவிட்டால் அந்தப் பட்டியலும் பழையதாகவே நிற்கும். உதாரணமாக, ஏராளமான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் இன்றைய மூலச் சான்றிதழை ஆண்ட்ராய்டு 7.1.1 முதல்தான் கருவிகள் அறியும். பழைய கருவிகளுக்காக இருந்த மாற்று ஏற்பாடு 2024 செப்டம்பர் 30 அன்று முடிந்துவிட்டது. முன்பு திறந்த தளம் ஒரு நாள் திடீரென நின்றுபோவது இப்படித்தான்.

அந்த டேப்லெட்டில் இருந்த குரோம், 95ஆம் பதிப்போடு நின்றிருந்தது. ஆண்ட்ராய்டு 5க்கு அதற்கு மேல் குரோம் கிடையாது. ஆனால் ஃபயர்பாக்ஸ் தன் சான்றிதழ் பட்டியலைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது. ப்ளே ஸ்டோர் அந்தக் கருவிக்குக் கொடுத்த ஃபயர்பாக்ஸை நிறுவியதும் விண்ணப்பம் திறந்தது.

பழைய ஐபேடில் இந்த வழி பயன்படாது. அங்கே வேறு பிரவுசரை நிறுவினாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் அதே பழைய இயந்திரம்தான்.

மூன்றாம் அடையாளம்: வெள்ளைத் திரை

அதே வீட்டில் ஸ்மார்ட் டிவியும் உண்டு. அதில் யூடியூப் ஓடுகிறது. ஆனால் பாடத் தளத்தைத் திறந்தால் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் வெறும் வெள்ளைத் திரை. இது மொழிப் பிரச்சினை. தளங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 2020 வாக்கில் பிரவுசர்களுக்கு வந்த ஒரு குறியைப் பாருங்கள்:

```
student?.name
```

இந்த `?.` குறியைக் குரோம் 80ஆம் பதிப்பிலிருந்து அறியும். 2018ஆம் ஆண்டு சாம்சங் டிவிகளின் பிரவுசரோ 56ஆம் பதிப்பின் அடிப்படையில் அமைந்தது. தெரியாத குறி ஒன்று வந்தால் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மேலே படிக்க அதனால் முடியாது. கோப்பு முழுவதையுமே தள்ளிவிடும். அதனால்தான் பக்கம் பாதியாகக்கூட வருவதில்லை. யூடியூப் செயலி டிவிகளுக்கென்றே எழுதப்பட்டது, ஆகவே ஓடுகிறது.

டிவியின் பிரவுசர் அதன் மென்பொருளோடு சேர்ந்தது. தனியாக மாற்ற முடியாது. ஆனால் திரையில் குறை ஒன்றும் இல்லை. ஒரு லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்தால், தளத்தைத் திறக்கும் வேலையை லேப்டாப் செய்யும். டிவி படத்தைக் காட்டினால் போதும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

டேப்லெட்டில் விண்ணப்பம் திறந்த பிறகும் அதில் நிரப்ப வேண்டாம் என்றோம். ஆண்ட்ராய்டு 5க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. புதிய பிரவுசர் பக்கத்தைத் திறக்குமே தவிர, அடியில் உள்ள ஓட்டைகளை அடைக்காது. விண்ணப்பமோ ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் கேட்கிறது. அவற்றை அலுவலகக் கணினியில் அந்த மகளே நிரப்பி அனுப்பினார்.

அதுபோலவே, சான்றிதழ் எச்சரிக்கை வரும்போது Advanced என்பதை அழுத்தி, Proceed என்று உள்ளே போகாதீர்கள். எதிரே இருப்பது உண்மையான தளமா, போலியா என்று சொல்ல அப்போது எந்தச் சாட்சியும் இல்லை.

அந்த டேப்லெட் இன்று அவர் வீட்டில் பாடநூல் பிடிஎஃப்களைப் படிக்கவும், பதிவிறக்கிய பாட வீடியோக்களைப் பார்க்கவும் பயன்படுகிறது. அதற்கு அது போதும்.