கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்துவோம்

ஒன்றாம் வகுப்பில் கூட்டலுக்கு முன் நான் பத்துக் கட்ட ஆட்டம் ஆட வைக்கிறேன். தரையில் ஒரே வரிசையில் 1 முதல் 10 வரை கட்டங்கள். ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையைப் போட்டு, வெள்ளை விழுந்தால் 2, கறுப்பு விழுந்தால் 1 நகர்த்த வேண்டும்.

காய் 5-இல் இருக்க 2 விழுந்தால், குழந்தைகள் “ஒன்று, இரண்டு” என்றே எண்ணுவார்கள். அப்போது கட்டத்தின் எண் கவனத்தில் படாது. “ஆறு, ஏழு” எனக் கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தினால், 5-உடன் 2 சேர்ந்தால் 7 என்பது புரியும். சிலர் நிற்கும் கட்டத்தையும் சேர்த்து “ஐந்து, ஆறு” என்பார்கள். காயை அடுத்த கட்டத்தில் வைத்த பிறகே எண்ணைச் சொல்லப் பழக்குகிறேன்.

பிறகு கட்டங்களை அழித்துவிட்டு, “4-இல் நிற்கிறாய், 2 விழுந்தது, எங்கே போவாய்?” என்று கேட்கிறேன். மீண்டும் ஒன்றிலிருந்து விரல்விட்டு எண்ணும் குழந்தைக்கு இன்னும் சில ஆட்டங்கள் தேவை.