கைவிட்ட கனவை எழுதுவது எப்படி?

"நான் கைவிட்ட கனவு" என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், நம்மில் பலருக்கு விடயம் உண்டு. ஒருவர் பாட்டை விட்டிருப்பார், இன்னொருவர் வலைப்பந்தை விட்டிருப்பார். ஆனால் எழுதி முடித்த கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கிவிடுகின்றன. ஒரு வகையில் கனவைக் கெடுத்தவர்கள் மீது வழக்கு நடக்கிறது. மற்ற வகையில் "எல்லாம் நன்மைக்கே" என்ற ஒரு வரி வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. இரண்டிலும் அந்தக் கனவு காணாமற் போகிறது. இவற்றுக்கு நடுவே ஒரு வழி உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அந்த வழியைக் காட்டும் நல்ல சான்று உ. வே. சாமிநாதையரின் தன்வரலாறான 'என் சரித்திரம்'. 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த நூல் அது. பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்தவர் என்றே நாம் அவரை அறிவோம். ஆனால் அவர் பிறந்தது சங்கீதக் குடும்பத்தில். தந்தை வேங்கடசுப்பையர் இசை வல்லவர், கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். மகனும் சிறு வயதிலேயே இசை கற்றார்.

1871ஆம் ஆண்டு, தமிழ் படிப்பதற்காக மாயூரத்திலிருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் வந்து சேர்ந்தார். 1855இல் பிறந்த அவருக்கு அப்போது 16 வயது. ஏறக்குறைய நம் வயதுதான். அதே ஊரில் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருந்தார். தந்தையின் விருப்பப்படி அவரிடம் இசைப் பயிற்சியும் நடந்தது. இதைப் பிள்ளையவர்கள் அறிந்தபோது, இசையில் மிகுதியாக ஈடுபட்டால் இலக்கிய இலக்கணங்களில் மனம் ஆழ்ந்து செல்லாது என்ற கருத்தைச் சொன்னார். மாணவர் பாரதியாரிடம் இசை பயில்வதை நிறுத்திக்கொண்டார்.

இந்தப் பகுதியில் நாம் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, கனவு எவ்வளவு உண்மையானது என்பதை அவர் முன்பே காட்டிவிடுகிறார். தந்தையின் சங்கீதம், வீட்டில் நடந்த பயிற்சி, பெரிய வித்துவான்கள் பற்றிய செய்திகள் எல்லாம் நூலின் முற்பகுதியில் வந்துவிடுகின்றன. அதனால் நின்றுபோனது எது என்று நமக்குத் தெரிகிறது. இரண்டாவது, நிறுத்தியதற்கான காரணத்தை ஆசிரியரின் காரணமாகவே சொல்கிறார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அந்த ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றைப் பின்னர் இரண்டு பாகங்களாக எழுதியவரும் அவரே. மூன்றாவது, இசை மீதிருந்த அன்பை அவர் மறைக்கவில்லை. முதுமையில் கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் ஆகியோரின் வரலாறுகளையும் எழுதினார்.

இங்கே வாசகர்களாகிய நமக்கு ஓர் ஆசை வரும். "இசையை விட்டதால்தானே நமக்குச் சிலப்பதிகாரப் பதிப்பு கிடைத்தது" என்று சொல்லத் தோன்றும். அந்தப் பதிப்பு வெளிவந்தது 1892இல். 1871இல் பயிற்சியை நிறுத்திய பையனுக்கு அது தெரியாது. பின்னால் வந்த வெற்றியை எடுத்து முன்னால் நடந்த இழப்புக்கு விலையாக வைப்பதுதான் பொய் ஆறுதல். இழப்பும் உண்மை, வெற்றியும் உண்மை. ஒன்று மற்றதன் கணக்கைத் தீர்ப்பதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, 800 மீற்றர் ஓட்டத்தைக் கைவிட்டதைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அவள் முதலில் இப்படி எழுதலாம்:

"தோட்டத்தில் பிறந்த பெண்ணுக்குக் கனவு எதற்கு? என் திறமை யாருக்கும் புரியவில்லை. அம்மாவே என் கால்களைக் கட்டிப்போட்டார்."

இதில் தீர்ப்பு மட்டும் இருக்கிறது. எங்கே ஓடினாள், எவ்வளவு வேகம், ஏன் நின்றது என்று எதுவும் இல்லை. 'யாரும்', 'எவரும்' என்ற சொற்கள் அடுத்தடுத்து வந்தால் கசப்பு பேசத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். அதைத் திருத்தப் போய் அவள் இப்படியும் எழுதலாம்:

"ஆனாலும் எனக்குக் கவலையில்லை. ஓட்டம் எனக்கு விடாமுயற்சியைக் கற்றுத் தந்தது. இன்று வாழ்க்கை என்னும் பந்தயத்தில் ஓடுகிறேன்."

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 'ஓட்டம்' என்பதை எடுத்துவிட்டு 'நடனம்' என்றோ 'சதுரங்கம்' என்றோ போட்டுப் பாருங்கள். ஓரிரு சொல்லை மாற்றினால் வசனம் அப்படியே பொருந்தும். எந்தக் கனவுக்கும் பொருந்துவது அவளுடைய கனவைப் பற்றியது அல்ல.

மூன்றாவது முயற்சி இப்படி அமையலாம்:

"தரம் 11இல் வலய மட்டப் போட்டியில் மூன்றாவதாக வந்தேன். நேரம் 2 நிமிடம் 44 செக்கன். பயிற்சி முடிய நாலரை மணியாகும். எங்கள் தோட்டத்துக்குக் கடைசி பஸ் நாலு மணிக்கு. அதை விட்டால் தேயிலை மலை வழியே ஐந்து கிலோமீற்றர் நடக்க வேண்டும். கொழுந்து நிறுத்துவிட்டு, கூடையோடு அம்மா இரண்டு மாதம் சந்தியில் வந்து நின்றார். மழை தொடங்கியதும், 'இனி வேணாம்மா' என்றார். அடுத்த நாள் நான் பயிற்சிக்குப் போகவில்லை. ஓட்டச் சப்பாத்து தங்கச்சியிடம் இருக்கிறது, அவளுக்கு இன்னும் பெரிது. இல்ல விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றருக்கு அழைக்கும்போது, பார்வையாளர் பக்கத்தில் இருந்து நான் எழுந்து நின்றுவிடுகிறேன்."

இதில் யாரையும் பழிக்கும் சொல் இல்லை. ஆனால் பஸ் நேரம் என்ற காரணம் தெளிவாக இருக்கிறது. முதல் முயற்சியில் கால்களைக் கட்டிய அம்மா, இதில் களைப்போடு சந்தியில் காத்து நிற்கிறார். அவருடைய முடிவு சரியா பிழையா என்று எழுதியவள் சொல்லவில்லை. படிக்கும் தாய் தகப்பன்மாரும் அந்தச் சந்தியில் நின்று பார்க்க முடிகிறது. கடைசி வசனம் ஆறுதல் தரவில்லை. அந்த ஆசை உடம்பில் இன்னும் இருக்கிறது என்று மட்டும் காட்டுகிறது.

ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். கசப்பின்றி எழுதுவது என்றால் குறையை மறைப்பது என்று பொருளல்ல. நாலு மணிக்குப் பிறகு பஸ் இல்லை என்பது குறைதான், அதை எழுதத்தான் வேண்டும். "நாலு மணிக்குப் பிறகு பஸ் இல்லை" என்பது தகவல். "எங்களை மனிதராகவே மதிப்பதில்லை" என்பது முடிவு. தகவலைச் சரியாக வைத்தால் வாசகர் தாமாகவே முடிவுக்கு வருவார். முடிவை மட்டும் வைத்தால், நம்புவதா வேண்டாமா என்று யோசிப்பார்.

எழுதி முடித்த பின் கடைசிப் பந்தியைக் கையால் மூடிவிட்டு மீதியை வாசித்துப் பாருங்கள். விட்டது எது, எந்த நாளில், எதனால் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்தால், மூடிய பந்தி தேவையில்லாமலும் இருக்கலாம். விடை கிடைக்காவிட்டால், அந்தப் பந்தியை எவ்வளவு அழகாக எழுதினாலும் அது அந்தக் குறையை நிரப்பாது.