தேர்வு விண்ணப்பத்துக்கான ஒளிப்படம்: கோப்பு சிறுத்தாலும் முகம் தெளிவாக இருக்க

இந்தியாவில் நடைபெறும் போட்டித் தேர்வுகளுக்கு இங்கிருந்தபடியே விண்ணப்பிப்போரும், ஊரிலுள்ள உறவினருக்காக விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்போரும் பெரும்பாலும் தடுமாறும் இடம், ஒளிப்படத்தைப் பதிவேற்றும் பக்கமாகும். கைப்பேசியில் எடுத்த நல்ல படத்தை, அளவு மிகுதி என்று படிவம் மறுத்துவிடுகிறது. அவசரத்தில் சுருக்கப்பட்ட படம் ஏற்றுக்கொள்ளப்பட்டாலும், அதில் முகம் மங்கிப்போகிறது. அந்தப் படமே தேர்வு நுழைவுச் சீட்டில் அச்சாகும். தேர்வுக்கூடத்தில் கண்காணிப்பாளர் அதைக் கொண்டே ஆளை அடையாளம் காண்பார். முகம் தெளிவில்லாத படத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படவும் கூடும்.

ஒவ்வொரு தேர்வுக்கும் வரம்பு வேறுபடும். எனவே, உரிய அறிவிக்கையைப் பார்த்தே செயற்பட வேண்டும். இக்கட்டுரை, இந்தியாவின் வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் (ஐபிபிஎஸ்) தன் விண்ணப்பங்களில் கேட்கும் அளவை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. அகலம் 200 பிக்சல், உயரம் 230 பிக்சல். கோப்பின் அளவு 20 கிலோபைட்டுக்குக் குறையாமலும் 50 கிலோபைட்டை மீறாமலும் இருக்க வேண்டும். இங்கு விளக்கப்படும் முறை பிற வரம்புகளுக்கும் பொருந்தும்.

இரண்டு அளவுகள்

படத்துக்கு இரண்டு அளவுகள் உண்டு. படம் எத்தனை புள்ளிகளால் ஆனது என்பது ஒன்று, இப்புள்ளிகளே பிக்சல்கள். அவற்றைப் பதிந்துவைக்க எவ்வளவு இடம் செலவாகிறது என்பது மற்றொன்று. இது கிலோபைட்டில் கணக்கிடப்படுகிறது. முதல் அளவைத் தொடாமல் இரண்டாவதை மட்டும் குறைக்க முயல்வதே முகம் மங்குவதற்கு முதன்மைக் காரணம்.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 3000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் கொண்டது எனக் கொள்வோம். அதில் ஒரு கோடியே இருபது இலட்சம் புள்ளிகள் உள்ளன. பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்தை எழுதும் அளவு இடம். 50 கிலோபைட் என்றால் ஏறத்தாழ 51,000 பைட். அத்தனை புள்ளிகளையும் இந்த இடத்துக்குள் அடைக்க முயன்றால், ஏறத்தாழ 235 புள்ளிகளுக்கு ஒரு பைட்தான் கிடைக்கும். அதே படத்தை முதலில் 200 × 230 ஆகச் சிறிதாக்கினால், மொத்தம் 46,000 புள்ளிகளே எஞ்சும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பைட்டுக்கு மேல் கிடைக்கும்.

ஜேபெக் வகைக் கோப்பு, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள நுண்விவரங்களைத் தேவைக்கேற்பக் கழித்துவிடுகிறது. இடம் போதாதபோது கழிவு மிகுதியாகும். கன்னத்திலும் தாடையோரத்திலும் சதுரங்கள் தெரியத் தொடங்கும். புருவம் ஒரு கறையாக மாறும். எனவே முதலில் ஓரங்களை வெட்டி, அடுத்துப் புள்ளிகளைக் குறைத்து, இறுதியிலேயே கோப்பின் தரத்தைக் குறைக்க வேண்டும்.

படம் எடுக்கும்போதே கவனிக்க வேண்டியவை

ஜேபெக் கோப்பில் வெற்றுப் பரப்புக்கு மிகக் குறைந்த இடமே செலவாகும். வேலைப்பாடு மிகுந்த பரப்பு நிறைய இடத்தை எடுத்துக்கொள்ளும். பூப்போட்ட திரைச்சீலையோ புத்தக அலமாரியோ பின்னால் இருந்தால், முகத்துக்குக் கிடைக்க வேண்டிய இடத்தில் பெரும்பகுதி அவற்றுக்குப் போய்விடும். வெறும் வெள்ளைச் சுவரே சிறந்தது. சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் அதில் நிழல் விழாது.

மங்கிய வெளிச்சமும் இதே தீங்கைச் செய்கிறது. குளிர்கால மாலையில் அறைவிளக்கொளியில் எடுத்த படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் இருக்கும். கோப்பு அவற்றையும் விவரமாகக் கருதி இடம் ஒதுக்கும். பகலில், சன்னலை நோக்கி நின்று, மற்றொருவரைக் கொண்டு கைப்பேசியின் பின்புறக் கேமராவால் எடுப்பது நல்லது. தோலை மெருகூட்டும் வடிப்பான்களை நிறுத்திவைக்க வேண்டும். அவை நேரில் அடையாளம் காண உதவும் குறிகளையே அழித்துவிடும்.

படத்தைக் கணினிக்கு மாற்றும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பக் கூடாது. அங்கேயே அது ஒருமுறை சுருக்கப்பட்டுவிடும். மின்னஞ்சலில் இணைப்பாகவோ, வாட்ஸ்அப்பில் ஆவணமாகவோ அனுப்பினால் மூலப்படம் குறைவின்றி வந்துசேரும். ஐபோன் படங்கள் பெரும்பாலும் ஹெய்க் வகையில் சேமிக்கப்படும். கோப்புப் பெயரின் இறுதியில் `.jpg` என்று மாற்றி எழுதினால் மட்டும் வகை மாறாது. படம் எடுக்குமுன் Settings பகுதியில் Camera, Formats, Most Compatible எனத் தெரிவுசெய்தால் படம் ஜேபெக் வகையிலேயே பதிவாகும்.

ஒரு படம், படிப்படியாக

மேற்கூறிய 3000 × 4000 படத்தில், உச்சந்தலையிலிருந்து தாடைவரை 1000 பிக்சல் உயரம் உள்ளது எனக் கொள்வோம். ஓரங்களை வெட்டாமல் முழுப்படத்தையும் 200 × 230 ஆக்கினால், தலையின் உயரம் 57 பிக்சலாகச் சுருங்கிவிடும். அதில் கண் என்பது சில புள்ளிகளே. மேலும், மூலப்படத்தின் அகல உயர விகிதம் வேறாகையால், முகம் மேலும் கீழும் நசுங்கிப் பருத்தது போலத் தோன்றும்.

இதைத் தவிர்க்க, கட்டணமின்றிக் கிடைக்கும் கிம்ப் என்ற மென்பொருளில் படத்தைத் திறந்து, வெட்டும் கருவியைத் தெரிவுசெய்ய வேண்டும். அதன் தெரிவுகளில் Fixed என்பதைக் குறியிட்டு, Aspect ratio எனத் தெரிந்து, `200:230` என்று எழுதினால், எப்படி இழுத்தாலும் விகிதம் மாறாது. தலைக்கு மேல் சிறிது இடைவெளியும் கீழே தோள்களின் தொடக்கமும் அடங்கும்படி 1400 × 1610 பிக்சல் அளவுள்ள பகுதியை வெட்டி எடுக்கலாம்.

அடுத்து Image பட்டியலில் Scale Image என்பதைத் திறந்து, அகலம் 200, உயரம் 230 என்று கொடுக்க வேண்டும். படம் சரியாக ஏழில் ஒரு பங்காகிறது. தலையின் உயரம் 143 பிக்சலாக நிற்கிறது. முதல் முறையைவிட முகம் இரண்டரை மடங்கு பெரியது. கோப்போ அதே வரம்புக்குள் உள்ளது. பல புள்ளிகள் கலந்து ஒன்றாவதால், மூலப்படத்திலிருந்த மணல் போன்ற புள்ளிகளும் பெருமளவு மறைந்துவிடும்.

இறுதியாக File பட்டியலில் Export As சென்று, புதிய பெயரொன்றை `.jpg` முடிவுடன் கொடுக்க வேண்டும். திறக்கும் சாளரத்தில் Show preview in image window என்பதைக் குறியிட்டால், Quality அளவை நகர்த்த நகர்த்தக் கோப்பின் அளவு எவ்வளவு வரும் என்பது காட்டப்படும். இவ்வளவு சிறிய படத்தில் பலரும் எதிர்பாராதது இங்கே நிகழலாம்: Quality 85 அளவில் இருக்கும்போது கோப்பு 20 கிலோபைட்டுக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். மிகச் சிறிய கோப்பையும் படிவம் மறுக்கும். அப்போது பிக்சல்களைக் கூட்டாமல், Quality அளவை மட்டும் 95க்கு மேல் உயர்த்தினால் போதும். ஏறத்தாழ 30 முதல் 45 கிலோபைட்டுக்குள் நிறுத்துவது பாதுகாப்பானது.

அதே சாளரத்தில் Exif, thumbnail ஆகியவற்றைச் சேர்க்கும் குறிகள் இருந்தால் அவற்றை நீக்கிவிடலாம். படம் எடுத்த இடம், நேரம் முதலிய தகவல்களும் ஒரு குட்டிப்படமும் கோப்புக்குள் ஒளிந்திருந்து சில கிலோபைட்டுகளை எடுத்துக்கொள்ளும்; முகத்துக்கு அவற்றால் பயனில்லை. படத்தை எந்தப் பக்கம் நிமிர்த்திக் காட்ட வேண்டும் என்ற குறிப்பும் அவற்றுள் அடங்கும். ஆதலால் படத்தைத் திறக்கும்போது கிம்ப் அதைத் திருப்பலாமா என்று கேட்டால் சம்மதிக்க வேண்டும். இல்லையேல் பதிவேற்றிய பின் முகம் பக்கவாட்டில் படுத்திருக்கும்.

திருத்தம் தேவைப்பட்டால், சுருக்கிய கோப்பைத் திறந்து மீண்டும் சேமிக்கக் கூடாது. ஜேபெக் கோப்பு ஒவ்வொரு முறை சேமிக்கப்படும்போதும் சிறிது விவரத்தை இழக்கிறது. மூலப்படத்தை அழிக்காமல் வைத்திருந்து, அதிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.

மென்பொருளை நிறுவ அனுமதிக்காத பொதுக் கணினிகளில், படத்தைச் சுருக்கித்தரும் இணையதளங்களைச் சிலர் நாடுவர். அவற்றில் முகப்படம் முன்பின் அறியாத ஒரு நிறுவனத்தின் கணினிக்குச் சென்றுசேர்கிறது என்பதை மறக்கலாகாது. கையொப்பப் படத்தையும் அவ்வாறே அனுப்புவது இன்னும் ஆபத்தானது. சொந்தக் கணினியிலோ நம்பிக்கைக்குரிய ஒருவரின் கணினியிலோ செய்துகொள்வது நலம்.

அனுப்புமுன் சரிபார்த்தல்

விண்டோஸ் கணினியில் கோப்பின் Properties பகுதியைத் திறந்தால் Size, Size on disk என இரண்டு அளவுகள் காணப்படும். வரம்போடு ஒப்பிட வேண்டியது Size என்பதையே.

பின்னர்ப் படத்தைத் திரையில் 100% அளவில், பெரிதாக்காமல் பார்க்க வேண்டும். இரு கண்களிலும் கருவிழி தனியே தெரிகிறதா, புருவத்தின் கோடு நெற்றியிலிருந்து பிரிந்து நிற்கிறதா, தாடையோரத்தில் சதுரங்கள் தென்படுகின்றனவா என்ற மூன்றும் போதிய சோதனையாகும். கருவிழி தெரியாவிட்டால், முகம் சிறிதாக அமையும்படி வெட்டப்பட்டிருக்கலாம். அல்லது மூலப்படமே அசைந்திருக்கலாம். சதுரங்கள் தெரிந்தால், Quality குறைவாக இருக்கலாம். அல்லது ஏற்கெனவே சுருக்கப்பட்ட படத்திலிருந்து வேலை தொடங்கியிருக்கலாம். மூலப்படத்திலேயே இல்லாத தெளிவைப் பின்னர் எந்த மென்பொருளாலும் உண்மையாக மீட்க முடியாது. அப்போது படத்தை மீண்டும் எடுப்பதே வழி.

பதிவேற்றிய பிறகு, விண்ணப்பத்தின் முன்தோற்றப் பக்கத்தில் படம் நிமிர்ந்தும் நசுங்காமலும் தோன்றுகிறதா, கையொப்பத்துக்குரிய இடத்தில் தவறி வந்துள்ளதா என்பதைப் பார்த்த பின்னரே இறுதியாகச் சமர்ப்பிக்க வேண்டும். சமர்ப்பித்த பின் படத்தை மாற்றப் பெரும்பாலான தேர்வுகளில் எளிதில் இடமிராது.