பாகம் குறித்த விடைக்கு மதிப்பெண் எவ்வளவு?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்

உயிரியல் தேர்வில் படம் பார்த்துப் பாகம் குறிக்கும் வினா எளிய வினா என்று கருதப்படுகிறது. எழுதுபவருக்கு அது எளிதாக இருக்கலாம், திருத்துபவருக்கு அப்படியல்ல. விடைக்குறிப்பில் ஒரு சொல் இருக்கும், மாணவன் அதற்கு அருகில் நிற்கும் வேறொரு சொல்லை எழுதியிருப்பான். அதற்கு முழு மதிப்பெண்ணா, பாதியா, சுழியா? எங்கள் ஊரில் மாலை நேர இலவச வகுப்பில் மேல்நிலை மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தும் பொறுப்பு எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்தில் தெளிந்த ஒரு முறையை, மனித இதயத்தின் படத்தை வைத்தே இங்கு விளக்க முயல்கிறேன்.

வினா இது: இதயத்தின் நெடுக்குவெட்டுத் தோற்றம் கொடுக்கப்பட்டுள்ளது, அதில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட பாகங்களுக்குப் பெயர் எழுதுக. பாகத்துக்கு ஒரு மதிப்பெண். அருகிவரும் விடைகளை நான் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்: பெயரால் மட்டும் வேறுபட்டவை, குறைவாகச் சொன்னவை, தவறாகச் சொன்னவை.

பெயரால் வேறுபட்டவை

விடைக்குறிப்பில் 'வலது ஏட்ரியம்' என்று இருக்கிறது. ஒரு மாணவன் 'வலது ஆரிக்கிள்' என்றும், இன்னொருவன் 'வலது மேலறை' என்றும் எழுதுகிறான். மூவரும் ஒரே அறையைத்தான் சொல்கிறார்கள். நுட்பமாகப் பார்த்தால் ஆரிக்கிள் என்பது ஏட்ரியத்தின் மேல் சிறு காதுமடல் போல் ஒட்டியிருக்கும் பகுதி. ஆனால் பள்ளிப் பாடநூல்கள் முழு அறையையே அப்பெயரால் அழைத்து வந்திருக்கின்றன. ஆகவே முழு மதிப்பெண் தர வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு. அந்த மடலையே தனியாகக் கோடிட்டுக் கேட்ட படத்தில் அறைக்கு 'ஆரிக்கிள்' என்று எழுதினால் அது பொருந்தாது. ஒரு சொல் சரியா என்பதைச் சொல்லை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. எதிரே உள்ள படத்தையும் பார்க்க வேண்டும்.

ஈரிதழ் வால்வை 'மிட்ரல் வால்வு' என்றால் அதுவும் முழு விடையே. மேற்பெருஞ்சிரையை 'சுபீரியர் வீனாகேவா' என்று தமிழ் எழுத்தில் எழுதினாலும் அப்படியே. எழுத்துப் பிழையும் இந்த வகையில்தான் சேரும். 'பெருந்தமணி' என்று ணகரம் போட்டவன் தமிழ்த்தாளில் மதிப்பெண் இழக்கட்டும். இங்கே அவன் எந்தக் குழாயைச் சொல்கிறான் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிழை வேறொரு பாகத்தின் பெயராக மாறிவிட்டால் மன்னிக்க இயலாது. 'பெருந்தமனி' என்று எழுத வேண்டியவன் 'பெருஞ்சிரை' என்று எழுதினால் அது எழுத்துப் பிழையன்று.

குறைவாகச் சொன்னவை

இடது ஏட்ரியத்துக்கு ஒருவன் 'ஏட்ரியம்' என்று மட்டும் எழுதினான் என்போம். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படத்தில் ஏட்ரியங்கள் இரண்டு. எது என்று அவன் சொல்லவில்லை. இத்தகைய விடைக்கு நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இந்தப் படத்தில் இச்சொல் எத்தனை பாகங்களுக்குப் பொருந்தும்? ஒன்றுக்கு மட்டும் என்றால் முழு மதிப்பெண். இரண்டுக்கு என்றால் அரை. அதற்கு மேல் என்றால் சுழி. 'ஏட்ரியோ-வெண்ட்ரிக்குலார் வால்வு' என்பது மூவிதழ், ஈரிதழ் ஆகிய இரண்டுக்கும் பொதுப்பெயர்; ஆகவே அரை. வெறும் 'வால்வு' என்பது அரைச்சந்திர வால்வுகளுக்கும் பொருந்துவதால் சுழி. 'இரத்தக்குழாய்' என்பதற்கும் அதே கதி.

தவறாகச் சொன்னவை

நுரையீரல் தமனிக்கு 'நுரையீரல் சிரை' என்று எழுதுவது அடிக்கடி வரும் விடை. இரண்டு சொற்களில் ஒன்று சரியாக இருப்பதால் பாதி தரலாமே என்று தோன்றும். தரக்கூடாது என்பதே என் கருத்து. தமனியில் நல்ல இரத்தமும் சிரையில் அசுத்த இரத்தமும் ஓடும் என்று மனப்பாடம் செய்தவனே பெரும்பாலும் இங்கே சறுக்குகிறான். இதயத்திலிருந்து வெளியே கொண்டு செல்வது தமனி, இதயத்துக்குள் கொண்டு வருவது சிரை என்பதே இலக்கணம். வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து புறப்படும் இந்தக் குழாய் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைக் கொண்டு சென்றாலும் தமனியே. வினா சோதிக்க வந்தது இந்த வேறுபாட்டையே. 'தமனி அல்லது சிரை' என்று இரண்டையும் எழுதி வைப்பதற்கும் சுழியே. அது தேர்ந்தெடுக்கும் வேலையை நம்மிடம் தள்ளிவிடும் தந்திரம்.

ஒரு விடைத்தாள்

இனி முறையை ஓர் எடுத்துக்காட்டுத் தாளில் பொருத்திப் பார்ப்போம். 1 மேற்பெருஞ்சிரைக்கு 'சுபீரியர் வீனாகேவா': 1. 2 வலது ஏட்ரியத்துக்கு 'வலது ஆரிக்கிள்': 1. 3 மூவிதழ் வால்வுக்கு 'ஏட்ரியோ-வெண்ட்ரிக்குலார் வால்வு': ½. 4 வலது வெண்ட்ரிக்கிள், அப்படியே: 1. 5 நுரையீரல் தமனிக்கு 'நுரையீரல் சிரை': 0. 6 நுரையீரல் சிரைக்கு 'நுரையீரல் இரத்தக்குழாய்': தமனி, சிரை இரண்டுக்கும் பொருந்துவதால் ½. 7 இடது ஏட்ரியத்துக்கு 'ஏட்ரியம்': ½. 8 ஈரிதழ் வால்வுக்கு 'மிட்ரல் வால்வு': 1. 9 இடது வெண்ட்ரிக்கிளுக்கு 'இடது வெண்டிரிகிள்': 1. 10 பெருந்தமனிக்கு 'பெருந்தமணி': 1. மொத்தம் 7½.

விடைக்குறிப்பில் அச்சிட்ட சொல்லை மட்டுமே ஏற்பவர் இதே தாளுக்கு 1 போடுவார். தாராளமாக அரைகளையெல்லாம் முழுமையாக்குபவர் 9 போடுவார். தேர்ச்சிக்கு 35 வேண்டிய தேர்வில் இந்த வேறுபாடு ஒருவனின் ஓர் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். 'மேலறை' என்று படித்துவிட்டு வந்து இங்கே 'ஏட்ரியம்' என்று கேட்டவன். அறை மாறவில்லை, பெயர்தான் மாறியது.

முறைக்கு அகப்படாத விடை

ஒரு விடை மட்டும் இந்த மூன்று வகைக்குள் எளிதில் அடங்காது. சிலர் நான்கு அறைகளுக்கும் இடது வலதை அப்படியே மாற்றி எழுதுவர். படத்தில் இதயம் நம்மை நோக்கி இருப்பதால் அதன் இடப்பக்கம் நமது வலக்கைப் பக்கம் வரும் என்பதை அவர்கள் அறியவில்லை. விதிப்படி நான்கும் சுழி. ஆனால் அறியாத செய்தி ஒன்றே ஒன்றுதான். அதற்கு நான்கு மதிப்பெண் அபராதமா? நான்கும் ஒழுங்காக மாறியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் அரை தருகிறேன். இரண்டு மட்டும் மாறியிருந்தால் அது குழப்பம். அந்த இரண்டுக்கும் சுழி. மருத்துவம் படிக்கப் போகிறவனுக்கு இடது வலது தெரியாமல் இருக்கலாமா என்று ஒரு விரிவுரையாளர் கேட்டால் என்னிடம் வலுவான மறுமொழி இல்லை. எப்படி முடிவு செய்தாலும் அதைத் திருத்தத் தொடங்குமுன் செய்துவிட வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

நடைமுறையில் மூன்று செயல்கள் போதும். முதலில் பத்துத் தாள்களை மதிப்பெண் போடாமல் படித்து, வரும் சொற்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் 1, ½, 0 என்று எழுதிக்கொள்க. பிறகு இந்த வினாவை மட்டும் எல்லாத் தாள்களிலும் ஒரே மூச்சில் திருத்துக. இடையில் புதுச்சொல் வந்தால் அதைப் பட்டியலில் சேர்த்து, முன்பு திருத்திய தாள்களில் அது இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க. முப்பதாம் தாளில் மிட்ரல் வால்வை ஏற்றுக்கொண்டு, மூன்றாம் தாளில் அதை அடித்தது அடித்தபடியே விட்டால், அந்த மூன்றாம் மாணவன் இழந்த மதிப்பெண்ணுக்குக் காரணம் அவன் விடை அல்ல, அவன் தாள் அடுக்கில் இருந்த இடம்.