விடுமுறை நாளில் வேலையா? சம்பளச் சீட்டைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி, ஆகஸ்ட் 15 போன்ற விடுமுறையில் ஆலையில் வேலை செய்தால் இரட்டைச் சம்பளம் கேட்கலாம். இல்லையெனில் அன்றைய சம்பளத்துடன் வேறொரு நாள் சம்பள விடுப்பு. எது வேண்டும் என்பது தொழிலாளியின் விருப்பம்.

நாள் சம்பளம் 600 ரூபாய் என்றால் 1,200 வர வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறைக்கான 600 ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கூடுதலாக இன்னொரு 600 வந்திருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கும் விட்டுப்போவது இதுதான்.

வார ஓய்வு நாளின் கணக்கு வேறு. அதற்கு முதலில் மாற்று ஓய்வு நாள்தான். ஆனால், அந்த வாரம் 48 மணி நேரத்தைத் தாண்டிய வேலைக்கு இரட்டை ஓவர்டைம் உண்டு. வருகைப் பதிவை போனில் படமெடுத்து வையுங்கள்; பணம் வராவிட்டால் தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்க அதுவே சான்று.